ஏழு வருடம் விட்டுப்போன இங்கிலாந்துத் தாதிப் பதிவு: திரும்ப எடுக்க வகுப்பு கட்டாயமா?

பட்டர்வொர்த் தாதி | 3 மார்ச் 2025

நான் இங்கே மலேசியாவில் டிப்ளமா முடித்து, 2006ல் இங்கிலாந்து போய் அங்குள்ள தாதியர் கவுன்சிலான என்எம்சியில் பதிந்து வேலை செய்தவள். 2016ல் அம்மாவுக்காகத் திரும்பி வந்தேன். 2018ல் பதிவு காலாவதியாகிவிட்டது, பணம் கட்டவும் இல்லை, பதிவைப் புதுப்பிக்கிற ரீவாலிடேஷன் செய்யவும் இல்லை. இப்போது திரும்பப் போக நினைக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: ஒன்பது வருடம் போய்விட்டது, அங்கே பல்கலைக்கழகத்தில் ‘திரும்பி வருவோர்’ வகுப்பில் உட்கார்ந்தால்தான் உண்டு. அந்த வகுப்புக்கு யார் விசா கொடுப்பார்கள்? அங்கேயே போய்த் தங்காமல் இதைச் செய்யவே முடியாதா?

செபராங் ஜெயா மணி | 3 மார்ச் 2025

என் மனைவியும் தாதிதான். மூன்று வருடத்துக்கு மேல் பதிவு இல்லாமல் இருந்தால் வகுப்பு கட்டாயம். அந்த ஓஸ்கி செய்முறைத் தேர்வெல்லாம் புதிதாகப் போகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு, ஏற்கனவே அங்கே பதிந்தவர்களுக்குக் கிடையாது. அதனால் உங்களுக்கு வகுப்பைத் தவிர வேறு வழி இல்லை சகோதரி.

ஆயர் ஈத்தாம் அக்கா | 3 மார்ச் 2025, இரவு

மணி சொல்வது ஒரு காலத்தில் சரி. 2019ல் என்எம்சி திரும்பி வருவோருக்கான தர விதிகளை மாற்றியது. அதற்குப் பிறகு, வகுப்பு வேண்டாம் என்றால் தேர்வு எழுதியும் வரலாம், முன்பே பதிந்தவர்களும்தான். ஆக இரண்டு வழி உண்டு.

ஆனால் தங்கச்சி, அந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் உன்னிடம் கேட்கவில்லை. கடைசி மூன்று வருடத்தில் நீ இங்கே தாதியாக வேலை செய்தாயா? உன் வருடாந்திரப் பணிச் சான்றிதழ், அந்த ஏபிசி, உயிரோடு இருக்கிறதா?

பட்டர்வொர்த் தாதி | 4 மார்ச் 2025

ஏபிசியை மட்டும் விடவே இல்லை அக்கா, ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொண்டுதான் வருகிறேன். வேலை விட்டு விட்டுத்தான். 2021ல் தடுப்பூசி மையத்தில் கொஞ்ச நாள். 2022 ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஒரு கிளினிக்கில். அப்புறம் 2023 ஜூனிலிருந்து ஒரு வருடம் இங்கே ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் சனிக்கிழமை மட்டும், ஆறு மணி நேரம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் அதையும் நிறுத்தினேன். இப்போது அண்ணி வீட்டில் இருப்பதால் மறுபடி சனிக்கிழமைக்குக் கூப்பிடுகிறார்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா | 4 மார்ச் 2025

அப்படியானால் நீ வகுப்பைப் பற்றி யோசிக்க வேண்டிய ஆளே இல்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

‘எத்தனை வருடம் விட்டுப்போனது’ என்று எல்லாரும் அங்கிருந்து வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். என்எம்சி பார்ப்பது அதை இல்லை. நீ மறுபடி விண்ணப்பிக்கிற நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வருடம் பார்ப்பார்கள். அந்த மூன்று வருடத்துக்குள் பதிவுபெற்ற தாதியாக 450 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், 35 மணி நேரம் தொடர்கல்வி இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் மணி நேரக் கணக்கிலேயே திரும்பப் பதியலாம். வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை. அந்த வேலை இங்கிலாந்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. வேறு நாட்டில் செய்திருந்தால் அந்த நாட்டு வாரியத்தில் முறையாகப் பதிந்து செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உனக்கு இங்கே தாதியர் வாரியப் பதிவும் ஏபிசியும் இருக்கின்றன. நீ ஒன்பது வருடமாக அவற்றை விடாமல் வைத்திருந்ததுதான் இப்போது கை கொடுக்கப்போகிறது.

நான் 2022ல் இப்படித்தான் திரும்பப் பதிந்தேன். 2013லேயே அங்கிருந்து வந்துவிட்டேன். இங்கே ஒரு தாதியர் கல்லூரியில் பயிற்றுநராக, மாணவிகளை வார்டுக்கு அழைத்துப் போகிற வேலை. நோயாளியை நேரடியாகக் கவனிக்காவிட்டாலும் அந்த வேலைக்குத் தாதிப் பதிவு வேண்டும் என்பதால் அது கணக்கில் வந்தது. கற்பித்தல், நிர்வாகம் எல்லாம் எண்ணப்படும், பதிவை நம்பிச் செய்கிற வேலையாக இருந்தால்.

செந்தூல்காரி | 4 மார்ச் 2025

அக்கா, எனக்கும் இதே கதை, ஆனால் ஏபிசியே பதினோரு வருடமாக இல்லை. பிள்ளைகள் பிறந்ததும் விட்டேன். என் தோழி நடத்துகிற முதியோர் இல்லத்தில் தினமும் போய் வேலை செய்கிறேன், இன்சுலின் போடுவது, புண் கட்டுவது எல்லாம் நான்தான். இது 450க்கு மேலேயே வரும். அப்படியே என்எம்சிக்கு எழுதிவிடலாமா? நானும் 2005ல் லண்டனில் பதிந்தவள்.

ஆயர் ஈத்தாம் அக்கா | 4 மார்ச் 2025, இரவு

செந்தூல்காரி, எழுதாதே. அது எண்ணப்படாது என்பதோடு விஷயம் முடியவில்லை. ஏபிசி இல்லாமல் தாதி வேலை செய்கிறாய் என்று நீயே எழுத்தில் கொடுப்பதாக ஆகிவிடும். ஏபிசி இல்லாமல் இங்கே தாதியாகப் பணி செய்யக்கூடாது, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் அப்படித்தான். என்எம்சி விண்ணப்பத்தில் நன்னடத்தை பற்றியும் உறுதிமொழி கொடுக்க வேண்டும், அங்கே போய் இதை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. முதலில் இன்சுலின் போடுவதை நிறுத்து, ஏபிசி உள்ள ஒருவரை அந்த இல்லம் வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் புத்ராஜெயாவில் உள்ள தாதியர் வாரியத்துக்கு உன் பதிவு எண்ணோடு எழுதி, இத்தனை வருட இடைவெளி, ஏபிசி திரும்ப எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேள். வாய்மொழியாக இல்லை, எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கு. இங்கே சரியாகாமல் உனக்கு மணி நேர வழி திறக்காது. இல்லாவிட்டால் உனக்குத் தேர்வு வழிதான்.

செந்தூல்காரி | 5 மார்ச் 2025

புரிந்தது அக்கா. பயமாகத்தான் இருக்கிறது. தோழியிடம் இன்றைக்கே பேசுகிறேன்.

செபராங் ஜெயா மணி | 5 மார்ச் 2025

சரி, 2019 மாற்றம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மாவைப் பக்கவாதத்தோடு வீட்டில் வைத்துப் பார்ப்பது தாதி வேலை இல்லையா? மூக்கு வழிக் குழாயில் உணவு, படுக்கைப் புண் பராமரிப்பு, இதெல்லாம் வார்டில் செய்கிறதுதானே. அதையும் சேர்த்தால் 450 எப்போதோ தாண்டியிருக்கும்.

ஆயர் ஈத்தாம் அக்கா | 5 மார்ச் 2025

வேலையின் தன்மை அதேதான் மணி, மறுக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு அவள் மகளாகச் செய்கிறாள், பதிவுபெற்ற தாதி என்ற பொறுப்பில் இல்லை. யாருக்கும் அறிக்கை இல்லை, மருந்துப் பதிவேடு இல்லை, தவறினால் வாரியம் கேட்கப்போவதும் இல்லை. சம்பளம் இல்லாத வேலை என்பதால் தள்ளுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு அமைப்பில் தாதியாகவே தொண்டு செய்தால் சம்பளம் இல்லாவிட்டாலும் எண்ணலாம். குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்வது அப்படி வராது.

ஆயர் ஈத்தாம் அக்கா | 6 மார்ச் 2025

பட்டர்வொர்த் தங்கச்சிக்கு இப்போது கணக்கு.

இன்றைக்கே விண்ணப்பித்தால் அவர்கள் பார்க்கிற அந்த மூன்று வருட ஜன்னல் 2022 மார்ச் முதல் 2025 மார்ச் வரை. 2021 தடுப்பூசி மைய வேலை ஜன்னலுக்கு வெளியே, அதை மறந்துவிடு. கிளினிக் வேலையை அப்புறம் பார்ப்போம், அதில் எனக்கு ஒரு சந்தேகம். டயாலிசிஸ் ஒரு வருடம், வாரம் ஆறு மணி நேரம், விடுமுறை கழித்தால் ஏறக்குறைய 290 மணி நேரம். 450க்கு 160 குறைகிறது.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை மறுபடி போனால், 160ஐ ஆறால் வகுத்தால் 27 வாரம், அதாவது அக்டோபர் தொடக்கத்தில் எட்டிவிடுவாய். ஞாயிறும் சேர்த்தால் ஜூலை. அக்டோபரில் விண்ணப்பித்தால் ஜன்னல் 2022 அக்டோபரிலிருந்து ஆரம்பிக்கும், உன் டயாலிசிஸ் மணி நேரம் 2023 ஜூனில்தான் தொடங்குகிறது, ஆக ஒன்றும் விழாது.

கவனிக்க வேண்டியது இங்கேதான். இந்த ஜன்னல் நகர்ந்துகொண்டே இருக்கும். 2026 ஜூன் வந்துவிட்டால் 2023 ஜூனில் செய்த சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் கழன்று விழ ஆரம்பிக்கும். நீ முன்னால் வாரம் ஆறு சேர்ப்பாய், பின்னால் வாரம் ஆறு போகும், மொத்தம் நின்ற இடத்திலேயே நிற்கும். நான் பார்த்த பலர் தேவையான மணி நேரத்தைச் சேர்த்துவிட்டு, பத்திரம் ஒன்று வரவில்லை, அண்ணன் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் குறைந்துபோய் நின்றார்கள். 450 தொட்டதும் போகாதே, 480, 500 வரை போய், உடனே அனுப்பு.

பட்டர்வொர்த் தாதி | 6 மார்ச் 2025

அக்கா, நிஜமாகவே அழுதுவிட்டேன். மூன்று வருடமாக ஒருத்தரும் இப்படிச் சொல்லவில்லை. கிளினிக் வேலையில் என்ன சந்தேகம்? நாள் முழுக்க அங்கேதான் இருந்தேன், அதைச் சேர்த்தால் இப்போதே தாண்டிவிடுவேனே.

ஆயர் ஈத்தாம் அக்கா | 6 மார்ச் 2025, இரவு

உன் வேலைக் கடிதத்தில் பதவி என்ன போட்டிருக்கிறது?

பட்டர்வொர்த் தாதி | 7 மார்ச் 2025

‘கிளினிக் உதவியாளர்’. டாக்டர் அப்படித்தான் எல்லாருக்கும் போடுவார். ஆனால் ஊசி போடுவது, இரத்தம் எடுப்பது, ஈசிஜி எல்லாம் நான்தான் செய்தேன், மற்ற பிள்ளைகள் கவுன்ட்டரும் மருந்தும்தான்.

ஆயர் ஈத்தாம் அக்கா | 7 மார்ச் 2025

அதுதான் சந்தேகம். அந்த வேலைக்குப் பதிவு தேவைப்படவில்லை என்று கடிதமே சொல்கிறது. ஏபிசி உன் கையில் இருந்தது, ஆனால் அந்த டாக்டர் அதைக் கேட்டு வேலைக்கு எடுக்கவில்லை. நானாக இருந்தால் அதை எண்ண மாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி | 7 மார்ச் 2025

நான் அக்காவோடு உடன்படவில்லை. பதவிப் பெயரை விட என்ன செய்தோம் என்பதுதான் முக்கியம் என்று அங்கே என் மேலாளரே சொல்வார். டாக்டர் ஒரு கடிதம் கொடுத்து, பதிவுபெற்ற தாதியாக இன்னின்ன செய்தார், அவருடைய ஏபிசியைப் பார்த்தே இந்தப் பணிகளைக் கொடுத்தேன் என்று எழுதினால் ஏன் எண்ணக்கூடாது?

ஆயர் ஈத்தாம் அக்கா | 7 மார்ச் 2025

டாக்டர் அப்போது உண்மையில் ஏபிசியைப் பார்த்திருந்தால் எழுதட்டும். பார்க்காமல் இப்போது எழுதினால் அது பொய்ச் சான்று, பொய்ச் சான்று கொடுத்துப் பதிவு வாங்கினால் அப்புறம் அதுவே ஒழுங்கு விசாரணைக்குக் காரணமாகும். ஏழு மாதம் பொறுத்தால் சுத்தமான வழி இருக்கும்போது இதை ஏன் தொட வேண்டும்?

கிள்ளான் வாசகர் | 8 மார்ச் 2025

என் உறவினரின் பதிவை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மருந்துப் பிழை விசாரணை. அவரும் இங்கே 450 மணி நேரம் செய்து திரும்பலாமா?

ஆயர் ஈத்தாம் அக்கா | 8 மார்ச் 2025

அது வேறு விஷயம். இந்த இழையில் பேசுவது தானாகக் காலாவதியான பதிவைப் பற்றி. இடைநீக்கம் என்பது விசாரணைக் குழு போடுவது, ஒரு உத்தரவு அதிகபட்சம் 12 மாதம், முடிவதற்குள் மறுபடி குழு உட்கார்ந்து பார்க்கும். அந்தக் குழுவின் முன்னால் என்ன காட்ட வேண்டும் என்பதை உத்தரவிலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், அதை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். பெயரையே நீக்கிவிட்டால் ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்ப விண்ணப்பிக்க முடியும். அவர் இங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் இங்குள்ள வாரியத்திடமும் அதை மறைக்கக்கூடாது. தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அவர்களுடைய வழக்கறிஞரிடம் போகட்டும், எங்களிடம் கேட்பதில் பயனில்லை.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி | 9 மார்ச் 2025

செந்தூல்காரி அக்காவுக்காக எழுதுகிறேன், தேர்வு வழி எப்படி என்று. நான் புதிதாகப் பதிந்தவன், 2023ல் ஓஸ்கி முடித்தேன், ஆனால் தேர்வு ஒன்றுதான்.

முதல் பகுதி கணினித் தேர்வு, அதைக் கோலாலம்பூரிலேயே எழுதலாம். கணக்குக்கு 15 கேள்வி அரை மணி நேரம், தாதியியலுக்கு 100 கேள்வி இரண்டரை மணி நேரம். 83 பவுண்டு. கணக்கு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை: ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும், செட் மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை? 42. இந்த மாதிரிதான். ஆனால் பதினோரு வருடம் பம்ப்பில் கூடப் போடாதவர்களுக்குக் கை நடுங்கும், தினமும் பத்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாம் பகுதிதான் ஓஸ்கி, அதற்கு இங்கிலாந்து போகத்தான் வேண்டும். 794 பவுண்டு. பத்து நிலையம். நான்கு நிலையம் ஒரே நோயாளியைத் தொடர்ந்து போகும்: மதிப்பிடு, திட்டமிடு, செயல்படுத்து, ஒப்படை. நான்கு செய்முறைத் திறன். இரண்டு வெறும் எழுத்து. நான் நார்தாம்டனில் செய்தேன். மதிப்பீட்டு நிலையத்தில் மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்று ஏ முதல் இ வரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், மனதுக்குள் செய்தால் மதிப்பெண் இல்லை. என் கூட வந்த ஒரு அக்கா முப்பது வருட அனுபவம், எல்லாம் கையில் சரியாகச் செய்தார், ஆனால் வாய் திறக்கவில்லை, அந்த நிலையம் போய்விட்டது.

ஆயர் ஈத்தாம் அக்கா | 9 மார்ச் 2025

தம்பி சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். 2016க்கு முன்னால் வந்தவர்கள் நோயாளியின் ஆபத்தை மதிப்பெண்ணாகக் காட்டுகிற பழைய நியூஸ் அட்டவணையை மனதில் வைத்திருப்பார்கள். 2017 டிசம்பரில் நியூஸ் 2 வந்தது. குழப்பம் வருவது ஆக்சிஜன் அளவில்தான். கரியமில வாயு தேங்கும் நுரையீரல் நோயாளிக்குத் தனி அளவுகோல், இலக்கு 88 முதல் 92. அவருக்கு 96 வந்தால், அதுவும் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது வந்தால், நல்லது என்று நினைத்து எழுதினால் தவறு, அங்கே மதிப்பெண் ஏறும். யார் எந்த அளவுகோலில் வர வேண்டும் என்று முடிவு செய்வதும் மருத்துவர் போன்ற, முடிவெடுக்கத் தகுதியுள்ளவர் எழுதி வைப்பது, நாமாகப் போடுவது இல்லை.

தோற்றால் எல்லாம் திரும்ப எழுத வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஏழு நிலையம் வரை தோற்றால் அவற்றை மட்டும் மறுபடி, பாதிக் கட்டணம். எட்டு அல்லது அதற்கு மேல் என்றால்தான் முழுசாக. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு.

செபராங் ஜெயா மணி | 10 மார்ச் 2025

இரண்டு தேர்வும் சேர்த்து 877 பவுண்டு, ஏறக்குறைய 5,000 வெள்ளி, விமான டிக்கெட்டும் தங்குமிடமும் தனி. பட்டர்வொர்த் சகோதரிக்கு அது எல்லாம் மிச்சம். ஆனால் அவருக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருக்குமே, விசா பற்றி ஏன் கவலை?

பட்டர்வொர்த் தாதி | 10 மார்ச் 2025

2011ல் வாங்கினேன் அண்ணே. பாஸ்போர்ட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி | 10 மார்ச் 2025

ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாற வேண்டாம் அக்கா. தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதி தானாகப் போய்விடும். உங்களுக்கு 2018லேயே போய்விட்டது. திரும்பிவரும் குடியிருப்பாளர் விசா என்று ஒன்று உண்டு, ஆனால் அங்கே உங்களுக்கு வலுவான தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும். பிள்ளைகள், வீடு ஏதாவது உண்டா?

பட்டர்வொர்த் தாதி | 10 மார்ச் 2025

ஒன்றும் இல்லை தம்பி. வாடகை வீடுதான், தனியாள்தான்.

ஆயர் ஈத்தாம் அக்கா | 10 மார்ச் 2025, இரவு

அப்படியானால் மருத்துவமனை ஸ்பான்சரில் வேலை விசா. இங்கேதான் மணி நேர வழியின் இன்னொரு பயன். பதிவு இல்லாமல் போகிறவர்கள் அங்கே போய் வேலை தொடங்கி 12 வாரத்துக்குள் ஓஸ்கியில் உட்கார வேண்டும், எட்டு மாதத்துக்குள் பதிவு வந்தாக வேண்டும், அதுவரை தாதி என்ற பெயரிலும் வேலை செய்ய முடியாது, சம்பளமும் குறைவு. நீ பினாங்கிலேயே பதிவை உயிர்ப்பித்துக்கொண்டு, ‘பின்’ என்கிற நடப்பில் உள்ள என்எம்சி பதிவு எண்ணோடு வேலைக்கு விண்ணப்பித்தால், முதல் நாளே தாதியாக வார்டில் நிற்பாய். நேர்முகத்திலும் அது பெரிய வித்தியாசம்.

ஆயர் ஈத்தாம் அக்கா | 12 மார்ச் 2025

தனிச் செய்தியில் நிறையப் பேர் 35 மணி நேரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், அதனால் இங்கேயே.

35ல் குறைந்தது 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். வகுப்பு, பட்டறை, வார்டில் நடக்கிற வழக்கு விவாதம், உயிர்காப்புப் பயிற்சி எல்லாம் வரும். தனியாக உட்கார்ந்து கட்டுரை படித்தது, வீடியோ பார்த்தது மிச்சம் 15க்குள் அடங்க வேண்டும். இங்கே ஏபிசிக்காகச் சேர்க்கிற புள்ளிகளை அப்படியே எழுதி அனுப்பாதீர்கள். புள்ளி வேறு, மணி நேரம் வேறு. ஒரு நாள் பட்டறைக்கு நம் கணக்கில் எத்தனை புள்ளி கிடைத்தாலும், அங்கே அது உண்மையில் உட்கார்ந்த நேரம்தான், மதிய உணவு கழித்து.

நான் ஒரு நோட்டில் இப்படி எழுதினேன்: தேதி, எங்கே, எத்தனை மணி நேரம், கூட யார் இருந்தார்கள், அதற்குப் பிறகு என் வேலையில் எது மாறியது, நடத்தை விதியில் எந்தப் பகுதியைச் சேர்ந்தது. கடைசி இரண்டும்தான் பலர் விடுவது. டயாலிசிஸ் ஊசி ஏற்றுகிற இரத்தக் குழாயான ஃபிஸ்டுலாவில் ஊசி போடுவதற்கு முன் தோலைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு வகுப்பு போனாய் என்று வை. ‘தொற்றுத் தடுப்பு, 3 மணி’ என்று எழுதிவிட்டுப் போகாதே. மருந்து காயும் வரை பொறுக்காமல் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம், இப்போது காய விட்டுப் போடுகிறோம் என்று எழுது. அது பாதுகாப்பைக் காக்கும் பகுதியில் வரும்.

பட்டர்வொர்த் தாதி | 12 மார்ச் 2025

எங்கள் நிலையத்தில் அதேதான் நடந்தது அக்கா, துடைத்த கையோடு குத்துவார்கள். அடுத்த ஷிஃப்ட் மாற்றத்துக்குள் நாற்காலி காலியாக வேண்டுமே.

வேலைச் சான்றுக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? நிலைய மேலாளர் கொடுக்கத் தயார்.

ஆயர் ஈத்தாம் அக்கா | 13 மார்ச் 2025

எனக்கு முதலில் கிடைத்த கடிதம் இரண்டு வரி: இவர் இன்ன தேதியிலிருந்து எங்கள் கல்லூரியில் முழுநேர ஊழியர், நல்லவர். அதில் மணி நேரம் இல்லை, தாதியாக என்று இல்லை. திருப்பிக் கொடுத்து வேறு கேட்டேன். பகுதிநேர ஆளுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஒரு வருடம் வேலை என்றால் படிக்கிறவர் முழு வருடம் என்று நினைக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லை என்று நினைக்கலாம்.

பதவி ‘பதிவுபெற்ற தாதி’ என்று இருக்கட்டும். உன் தாதியர் வாரியப் பதிவு எண், அந்தக் காலத்தில் ஏபிசி நடப்பில் இருந்தது என்ற வரி. தொடங்கிய நாள், நிறுத்திய நாள், மறுபடி தொடங்கிய நாள், நடுவில் விட்ட மாதங்களை மறைக்காமல். மொத்த மணி நேரம், அது ட்யூட்டி ரோஸ்டரிலிருந்து எடுத்தது என்று. கையெழுத்துப் போடுகிறவர் தாதியாக இருந்தால் அவருடைய பதிவு எண்ணும். ரோஸ்டரின் நகலை நீயும் வைத்துக்கொள், நிலையங்கள் கை மாறினால் பழைய தாள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இப்போதே 2023, 2024 ரோஸ்டரைக் கேட்டு வாங்கிவிடு.

செபராங் ஜெயா மணி | 13 மார்ச் 2025

காவல்துறைச் சான்றும் கேட்பார்கள் என்று மனைவி சொல்கிறாள்.

ஆயர் ஈத்தாம் அக்கா | 13 மார்ச் 2025

கேட்டால் இங்கே விஸ்மா புத்ரா கொடுக்கிற நன்னடத்தைச் சான்றுதான், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் வாங்குகிற ரிப்போர்ட்டைக் கொடுத்து ஏமாறாதீர்கள். அத்தோடு இங்குள்ள தாதியர் வாரியத்திலிருந்து நன்னிலைச் சான்றும் தேவைப்படும், அது வாரியத்திலிருந்து வர நேரம் எடுக்கும், அதனால் மணி நேரம் 400ஐத் தாண்டும்போதே அதற்கு எழுதிவிடு. 500 வரும் வரை காத்திருந்துவிட்டுப் பத்திரம் தேட ஆரம்பித்தால் நான் சொன்ன ஜன்னல் கதைதான்.

செந்தூல்காரி | 19 மார்ச் 2025

தோழி ஏபிசி உள்ள ஒரு தாதியைப் பகுதிநேரமாக எடுத்துவிட்டாள். நான் இப்போது சமையலும் குளிப்பாட்டுவதும் மட்டும். வாரியத்துக்குக் கடிதமும் அனுப்பிவிட்டேன். பதில் வரும் வரை கணினித் தேர்வுக்குப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். அதில் தேர்ச்சி பெற்றால் எத்தனை நாள் செல்லும் தம்பி?

பிரிக்பீல்ட்ஸ் தம்பி | 19 மார்ச் 2025

இரண்டு வருடம் அக்கா. அதனால் இப்போதே எழுத அவசரப்பட வேண்டாம். வாரியம் ஏபிசியைத் திரும்பக் கொடுத்தால் நீங்களும் மணி நேர வழிக்கே போகலாம், இந்த 83 பவுண்டு வீணாகிவிடும். படிப்பது மட்டும் வீணாகாது.

பட்டர்வொர்த் தாதி | 6 ஏப்ரல் 2025

நேற்று முதல் ஷிஃப்ட். மேலாளரிடம் பேசி ரோஸ்டர் நகலும் வாங்கிவிட்டேன். ஆனால் அதில் ஒரு சிக்கல் அக்கா. 2023 நவம்பரில் இரண்டு சனிக்கிழமை என் பெயர் இருக்கிறது, அந்த இரண்டு நாளும் நான் வரவில்லை, காய்ச்சல், வேறு ஒருவர் மாற்றாக வந்தார். ரோஸ்டரில் திருத்தவில்லை. எண்ணுவதா விடுவதா?

ஆயர் ஈத்தாம் அக்கா | 6 ஏப்ரல் 2025

விடு. 12 மணி நேரம், இரண்டு சனிக்கிழமை அதிகம் போனால் தீர்ந்தது. மேலாளரிடம் சொல்லி ரோஸ்டர் நகலில் அந்த இரண்டு நாளையும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல். அப்புறம் கிளினிக் விஷயத்தில் தம்பி சொன்னதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அந்த டாக்டர் வேலைக்கு எடுத்தபோது ஏபிசி நகல் வாங்கி ஃபைலில் வைத்தாரா என்று மட்டும் கேட்டுப் பார். வைத்திருந்தால் இங்கே வந்து சொல், நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.